கு போட்ட ஆறு புள்ளி

குணேஸ்வரி டீச்சருக்குப் பொறாமை என்பது பிறவியிலேயே கூட வந்த சாமான். சின்ன வயதில் தங்கச்சியின் ரிப்பனைக் கண்டு வயிறெரிந்தவர், ஐம்பத்தொரு வயதில் மூதூரிலிருந்து வந்த சுஹைரா டீச்சரின் தேத்தண்ணிப் போத்தலைக் கண்டும் வயிறெரிந்தார். அந்தப் போத்தலில் அப்படி ஒன்றும் விசேஷமில்லை. இடைவேளைக்கு மணி அடித்ததும் மற்ற டீச்சர்மார் நாலுபேர் கதிரையை இழுத்துக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்ததுதான் விசேஷம். பத்தொன்பது வருசமாக அந்த நாலு கதிரையும் குணேஸ்வரியின் மேசையைச் சுற்றித்தான் கிடந்தன.

திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதினால் வகுப்பில் பாடம் நின்றுபோகிற அந்தப் பள்ளிக்கூடத்தில், தமிழ் என்றால் குணேஸ்வரி டீச்சர் என்றுதான் பேச்சு. அவரிடம் படித்த பிள்ளைக்குக் கட்டுரையில் இருபதுக்குப் பதினேழு, பதினெட்டுக்குக் குறையாது. குறைய வழியும் இல்லை. கட்டுரையை எழுதிக் கொடுப்பவரே அவர்தான். 'விடியலின் எழில்', 'நூலகத்தின் பயன்', 'நான் ஒரு மரமானால்' என்று வருசத்துக்குப் பன்னிரண்டு. பிள்ளைகள் பாடமாக்கி, புள்ளி பிசகாமல் எழுதுவார்கள். அவர் தன் வசனத்தைத் தானே வாசித்து மகிழ்ந்து 'மிக நன்று' என்று சிவப்பு மையில் போடுவார். தாய் தகப்பன்மார் அந்தக் கொப்பியைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஒருத்தருக்கும் குறையில்லை.

குறை வந்தது அரசாங்கப் பரீட்சையில். போன முறை, பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு எடுத்த பிள்ளைகள் பதினொருபேருக்குத் தமிழில் வெறும் எஸ், ஆகக் குறைந்த பாஸ். அதிபர் கனகசுந்தரம் இரண்டு கிழமை யோசித்தார். பிறகு, வந்து மூன்று மாதங்கூட ஆகாத சுஹைரா டீச்சரைக் கூப்பிட்டு யோசித்தார். அதுதான் குணேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

அந்த யோசனையில் பிறந்ததுதான் புதிய புள்ளித்திட்டம். இந்தத் தவணைப் பரீட்சையில் கட்டுரைத் தலைப்பை யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பத்து ஏ சுஹைராவின் வகுப்பு, பத்து பி குணேஸ்வரியின் வகுப்பு. இரண்டின் தாள்களையும் ஒன்றாகக் கலந்து, பெயரை மறைத்து, இலக்கம் மட்டும் போட்டு இரண்டு டீச்சர்மாருக்கும் கொடுப்பது. எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் அதிபரின் அலுமாரியில். தாளில் ஒரு கோடு கூடப் போடக்கூடாது. ஒவ்வொருவரும் தனித் துண்டில் புள்ளி எழுதி, அடியில் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். இரண்டு துண்டுக்கும் வித்தியாசம் மூன்றுக்குள் என்றால் சராசரி; மூன்றுக்கு மேல் வந்தால் இருவரும் ஒன்றாக இருந்து பேசி ஒரு புள்ளிக்கு வரவேண்டும்.

"பேரைப் பார்த்துப் புள்ளி போடுறனான் எண்டோ நினைக்கிறியள், சேர்?" என்று குணேஸ்வரி கேட்டார்.

"பேரைப் பார்த்தா எனக்கும் கை தானா நீளும், டீச்சர்," என்றார் அதிபர். "அதுதான் மறைக்கிறம்."

பரீட்சை அன்று கொடுத்த தலைப்பு: 'எங்கள் வீட்டில் காலை ஆறு மணி.' அறுபத்திரண்டு தாள்கள். இருபதுக்கு மேல் தாள்களில் 'விடியலின் எழில்' அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. செங்கதிரோன் எழுந்தான், புள்ளினங்கள் பாடின, வீட்டில் ஒருத்தரும் எழும்பவில்லை. தன் வசனங்களைக் கண்டதும் குணேஸ்வரிக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் திட்டத்தில் 'தலைப்போடு ஒட்டாவிட்டால் பொருளுக்கு எட்டில் மூன்றுக்கு மேல் இல்லை' என்று கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மூன்றாகப் போட்டார்.

உருண்டை உருண்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்தில் ஒரு தாள் வந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து வருகிற லக்சாயினியின் எழுத்தாகத்தான் இருக்க வேண்டுமென்று நினைத்தார். இரண்டு வருசமாக அவரிடம் படிக்கிற பிள்ளை. வகுப்பில் முதல் பிள்ளை. ஒரு காற்புள்ளியைக் கூட மறக்காது. தகப்பன் தங்கத்துரை மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் வந்து, "டீச்சர், பிள்ளை எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, ஒரு பையில் நல்ல மீன் தந்துவிட்டுப் போவார். எத்தனை டீச்சர் வந்தாலும் லக்சாயினி என் பிள்ளை என்று குணேஸ்வரி தனக்குள் சொல்லிக்கொள்வார்.

பிறகு வந்தது இருபத்தேழாம் இலக்கம்.

எழுத்து கோணல்மாணல். பக்கத்துக்கு ஏழு இடத்தில் வெட்டு. கடலிலிருந்து வந்த தகப்பனைத் தாய் ஏசுவதும், தகப்பன் சிரிப்பதும், நடுவில் பிள்ளை சப்பாத்துத் தேடுவதுமாக ஒரே சத்தம். அந்தத் தாய் வாயைத் திறந்தால் 'மறுகா'. "முதல்ல தேத்தண்ணியக் குடியுங்க, மறுகா வலையப் பாருங்க." "முகத்தைக் கழுவு, மறுகா படி." மொத்தம் ஆறு மறுகா.

குணேஸ்வரிக்கு மூக்கு நுனி சிவந்தது. பிறகு என்பதற்கு மறுகா என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான், சுஹைரா. "மறுகா பார்ப்பம் டீச்சர்," "மறுகா வாறன் டீச்சர்" என்று ஆசிரியர் அறையில் நாள் முழுக்க அந்தச் சத்தம். பத்து ஏ பிள்ளைகள் அதைக் கேட்டு, விளையாட்டுக்கு 'மறுகா, மறுகா' என்று சொல்லித் திரிவதையும் அவர் கண்டிருக்கிறார். நிலாவெளிக் கடற்கரைப் பிள்ளைகள் சிலபேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். கடலும் பொருந்துகிறது, சொல்லும் பொருந்துகிறது. இது சுஹைராவின் செல்லப்பிள்ளை ஏதோ ஒன்று எழுதியது. பெயரை மறைத்தால் என்ன, எனக்குத் தெரியாதா?

பேனாவை அழுத்தி எழுதினார். பொருள் எட்டில் மூன்று. ஒழுங்கு நாலில் ஒன்று. மொழிநடை ஐந்தில் இரண்டு. எழுத்துப்பிழை மூன்றில் பூச்சியம். பக்கத்தில், 'மறுகா, ஆறு முறை. இது தமிழா?' மொத்தம் ஆறு. அடியில் கு. அந்தக் கோபத்தில் கு சரியாக வளையவும் இல்லை.

சுஹைராவின் துண்டில் அதே தாளுக்குப் பதின்மூன்று. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், அந்தச் சொல் தாயின்ர பேச்சிலதானே வருகுது? மேற்கோள் குறி எல்லாம் சரியாப் போட்டிருக்கு," என்றார் சுஹைரா.

"வீட்டுக் கதையெல்லாம் கட்டுரை ஆகுமோ? ஏலாது."

சுஹைரா பத்து என்றார். குணேஸ்வரி அசையவில்லை. கடைசியில் ஒன்பதில் நின்றது. இருபதுக்கு ஒன்பது என்றால் நூற்றுக்கு நாற்பத்தைந்து, எஸ். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் அந்தப் பெட்டை இறங்கி வந்தது என்பது குணேஸ்வரிக்குத் தெரியும். வெற்றி வெற்றிதான் என்று அன்றைக்கு இரண்டாவது பிளேன்டியும் குடித்தார்.

வெற்றி நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் பெயரோடு புள்ளிப் பட்டியல் வந்தது. தலைப்புக்கு வெளியே எழுதியதால் பத்து பியில் பாதிப்பேர் எட்டிலும் ஒன்பதிலும் கிடந்தார்கள். லக்சாயினிக்கும் ஒன்பது. குணேஸ்வரி அந்த வரியில் விரலை வைத்துத் திரும்பப் பார்த்தார். அந்த உருண்டை எழுத்துத் தாளுக்கு அவர் பத்து போட்டது நினைவிருந்தது. அப்படியென்றால் இழுத்து விழுத்தியது யார்? அவள்தான். என்னுடைய முதல் பிள்ளை என்று மோப்பம் பிடித்து, வேண்டுமென்றே குறைத்திருக்கிறாள். வீட்டுக்குப் போய், சோற்றில் கை வைக்காமல் இருந்தார். உவர்மலையில் அவருடைய வீட்டு வாசலில் தபால்காரன் மணியடித்தது கூடக் காதில் விழவில்லை.

மறுநாள் அதிபர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"பெற்றோருக்குப் புள்ளியோட சேர்த்து அனுப்பப் போறன், டீச்சர். சுஹைரா டீச்சர் குறிப்புத் தந்தவா, நான் எழுதினனான். நீங்கள் ஒருக்காத் தமிழைப் பாருங்கோ."

குறிப்புத் தந்தவாவாம். குணேஸ்வரி சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு ஒரு பிழையாவது அகப்படாதா என்று வாசித்தார்.

'அன்புள்ள பெற்றோருக்கு, இத்தவணை உங்கள் பிள்ளையின் கட்டுரைப் புள்ளி முன்னையதிலும் குறைவாகத் தோன்றலாம். பிள்ளை பின்தங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. முன்னர் பாடமாக்கி எழுதிய கட்டுரைக்குப் புள்ளி வழங்கினோம். இப்போது பிள்ளை தானாக எழுதியதற்கு வழங்குகிறோம். இருபது புள்ளிகளில் பொருளுக்கு எட்டு, ஒழுங்குக்கு நான்கு, மொழிநடைக்கு ஐந்து, எழுத்துப்பிழையின்மைக்கு மூன்று. ஒரே பிழை பல இடங்களில் வந்தாலும் ஒரு பிழையாகவே கணக்கிடப்படும். வீட்டில் பேசும் சொல் கட்டுரையில் ஒருவரின் பேச்சாக வருமானால் அது பிழையன்று. பன்னிரண்டு எடுத்த பிள்ளை நூற்றுக்கு அறுபது எடுத்த பிள்ளை. அது சொந்தக் கையால் எடுத்த அறுபது. பழைய பதினெட்டோடு அதை ஒப்பிட வேண்டாம். அடுத்த தவணையின் புள்ளியோடு ஒப்பிடுங்கள். புள்ளியில் ஐயமிருந்தால் எழுத்தில் கேட்கலாம். மூன்றாமவர் ஒருவர் தாளை மீண்டும் வாசிப்பார்.'

பிழை அகப்படவில்லை. அதுவும் எரிச்சல்.

"தோன்றலாம் எண்டு என்னத்துக்கு, சேர்? குறைஞ்சதுதானே. குறைந்துள்ளது எண்டு போடுங்கோவன்."

"இல்லை டீச்சர். பழைய புள்ளி ஒரு அளவுகோல், இது வேற அளவுகோல். ரெண்டையும் பக்கத்தில வைச்சாக் குறைஞ்ச மாதிரித் தோன்றும். அவ்வளவுதான்."

'முன்னர் பாடமாக்கி எழுதிய' என்ற இடத்தில் குணேஸ்வரியின் கண் திரும்பத் திரும்பப் போய் விழுந்தது. பெயர் சொல்லாமல் முழுப் பட்டினத்துக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கிறார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில், தன் முத்து முத்தான எழுத்தில் ஒரு வசனம் சேர்த்தார்: 'செவ்வாய்க்கிழமை பெற்றோர் நேரில் வந்து விடைத்தாளையும், எந்த ஆசிரியர் எத்தனை புள்ளியிட்டார் என்ற துண்டுகளையும் பார்வையிடலாம்.'

"ஒளிவுமறைவு இருக்கக் கூடாது, சேர்," என்றார்.

அதிபர் வாசித்துவிட்டு, "நல்ல வசனம் டீச்சர்," என்று மனதார மெச்சினார். சு என்று போட்ட துண்டைப் பத்து பி வகுப்புத் தாய்மார் பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவளுடைய மேசையைச் சுற்றி நிற்கட்டும் என்று குணேஸ்வரி செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சுற்றித்தான் நின்றார்கள். ஆனால் சண்டைக்கு இல்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் தாளை விரித்து, துண்டிலிருந்த நாலு பிரிவுப் புள்ளியையும் பார்த்து, சுஹைரா விளக்குவதைக் கேட்டு, "அப்ப இவன் பொருளிலதான் கோட்டை விட்டிருக்கிறான்," என்று தாங்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஜெமீலா என்ற ஒரு தாய், மகன் அப்ராஸ் எழுதிய ஒரு வரியை வாசித்துவிட்டு அழுதார். வீட்டில் தான் காலையில் தனியாக இருமுவது அவனுக்குத் தெரியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். குணேஸ்வரியின் மேசைக்கு வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், 'விடியலின் எழில்' பார்த்தார்கள், "ஓம் டீச்சர், சரி டீச்சர்" என்று போனார்கள். அழுவதற்கு அதில் என்ன இருந்தது? குணேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். பத்தொன்பது வருசத்தில் எந்தத் தாயும் அவருக்கு முன்னால் ஒரு வரிக்காக அழுததில்லை.

பத்தரை மணிபோல லக்சாயினி வந்தாள். கூட வந்தது தங்கத்துரை இல்லை. ஒல்லியாக ஒரு பெண், கையில் கடிதம் நாலாக மடித்தபடி.

"இது அம்மா, டீச்சர். அப்பா கடலுக்குப் போயிட்டார்," என்றாள் லக்சாயினி.

"நான் புஷ்பவதி, டீச்சர். வீட்டுவேலை முடிச்சு, மறுகா பஸ்ஸப் பிடிச்சு வர நேரமாப் போச்சு," என்றார் அந்தப் பெண்.

குணேஸ்வரியின் கை விடைத்தாள் கட்டிலிருந்து அவளுடைய தாளை இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்தபடியே நின்றது. மேலே இலக்கம் இருபத்தேழு.

உருண்டை எழுத்து இல்லை. கோணல்மாணல், பக்கத்துக்கு ஏழு வெட்டு. மேலே இரண்டு துண்டு குத்தியிருந்தது.

"நீங்கள்... எந்த இடம்?"

"பிறந்தது மூதூர், டீச்சர். கலியாணம் முடிச்சுத்தான் சல்லிக்கு வந்தனான்."

இரண்டு வருசம் வகுப்பில் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தாய் எந்த ஊர் என்று குணேஸ்வரிக்குத் தெரியாது. 'நூலகத்தின் பயன்' எழுதுவதற்குத் தாய் தேவைப்பட்டதில்லை.

புஷ்பவதி கடிதத்தை விரித்து, துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஒரே பிழை பல இடத்தில வந்தாலும் ஒண்டுதான் எண்டு இதில கிடக்கு. பேச்சில வந்தாப் பிழையில்லை எண்டும் கிடக்கு. ஆனா இந்தத் துண்டில ஆறு தரம் எண்டு எழுதி, பூச்சியம் போட்டிருக்கு. குறை சொல்ல வரயில்ல, டீச்சர். நான் கதைக்கிற மாதிரி எழுதினதால பிள்ளைக்குக் குறைஞ்சு போச்சோ எண்டுதான்..." விரல் துண்டின் அடிக்குப் போயிற்று. "இது சு தானே? சுஹைரா டீச்சரோ போட்டவா?"

கோபத்தில் வளையாத கு, சுவாகத்தான் கிடந்தது. குணேஸ்வரி ஓம் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு நிமிசம் போதுமாக இருந்தது. புஷ்பவதி தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சுஹைரா துண்டைப் பார்த்தார். குணேஸ்வரியை ஒருதரம் பார்த்தார். பதின்மூன்று போட்ட தன் துண்டு பின்னால் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

"அம்மா, இது எங்கட பிழைதான்," என்றார். "அவசரத்தில கூடக் குறைய நடந்திருக்கு. கடிதத்தில சொன்ன மாதிரி ஒரு துண்டு எழுதித் தாங்க, அதிபர் சேர் திரும்ப வாசிப்பார். மறுகா, ஒண்டு சொல்லவா? உங்கட பேச்சு இதில அப்பிடியே உயிரோட கிடக்கு."

"டீச்சரும் மூதூரோ?" என்று புஷ்பவதியின் முகம் மலர்ந்தது. லக்சாயினியும் சிரித்தாள். குணேஸ்வரியின் வகுப்பில் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

என் பழியை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். நல்ல பெயரும் அவளுக்கு, தாயும் அவளுக்கு, பிள்ளையின் சிரிப்பும் அவளுக்கு, இப்போது என் மானமும் அவள் கையால் தந்த பிச்சை. குணேஸ்வரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் உண்மை பேசியது நல்ல மனசினால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளிடம் கடன்பட ஏலாமல்தான் பேசினார்.

"அது சு இல்லை," என்றார், மண்டபமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். "கு. ஆறு போட்டது நான்தான். அவா பதின்மூண்டு போட்டவா. பின் துண்டைப் பாருங்கோ. நான்தான் விட்டுக்குடுக்கயில்ல."

புஷ்பவதி பின் துண்டை விரலால் தூக்கிப் பார்த்தார். சுஹைரா தலையைக் குனிந்துகொண்டார். லக்சாயினி மட்டும் கிட்ட வந்தாள்.

"எழுத்து உன்ரை மாதிரி இல்லையே, பிள்ளை," என்றார் குணேஸ்வரி. ஏதாவது ஒரு நியாயம் தன் பக்கம் இருக்க வேண்டுமென்று.

"யோசிச்சு எழுதேக்க இப்பிடித்தான் வருகுது, டீச்சர். பாடமாக்கினதெண்டா வடிவா வரும்." அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். "இதுதான் டீச்சர் நான் எழுதின முதல் கட்டுரை. மற்றதெல்லாம் உங்கட தானே."

மத்தியானம் அதிபர் தாளைத் திரும்ப வாசித்தார். பொருளுக்கு ஐந்து, ஒழுங்குக்கு மூன்று, மொழிநடைக்கு மூன்று, எழுத்துப்பிழைக்கு இரண்டு. பதின்மூன்று, நூற்றுக்கு அறுபத்தைந்து, பி. கடிதத்தில் கண்டபடி திருத்திப் பட்டியலில் கையொப்பம் வைத்தார். குணேஸ்வரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த வசனம் சேர்த்தது நல்லதாப் போச்சு, டீச்சர்," என்று மட்டும் சொன்னார். அவர் குத்திச் சொன்னாரா, மெய்யாகத்தான் சொன்னாரா என்று குணேஸ்வரிக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோரும் போன பிறகு அவர் இருபத்தேழாம் தாளை எடுத்துக்கொண்டு தன் கதிரையில் இருந்தார். இந்த முறை மறுகாவை எண்ணாமல் வாசித்தார். நடுவில் இப்படி ஒரு இடம் வந்தது: 'அம்மா அப்பாவை ஏசும்போது அப்பா உடுத்திருக்கிற சாரத்தில் ஒட்டிய மீன் செதிலை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். ஏச்சு முடியும்போது சாரமும் துப்புரவாகிவிடும்.' போன தடவை இந்த வரியையும் அவர் கண்டவர்தான். செதில் என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

சுஹைராவின் துண்டைத் திருப்பினார். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், 'செதில் எடுக்கும் இடம்! யார் இந்தப் பிள்ளை?' என்று எழுதியிருந்தது.

குணேஸ்வரி டீச்சர் அன்றைக்குப் பொறாமைப்பட்டது போல வாழ்க்கையில் ஒருநாளும் பட்டதில்லை. தேத்தண்ணிப் போத்தலுக்கும், நாலு கதிரைக்கும், அதிபரின் யோசனைக்கும் பட்டதெல்லாம் விளையாட்டு. இரண்டு வருசம் தன் முன்னால் இருந்த பிள்ளையை, தனக்கு முதல், பெயரே தெரியாமல் அவள் வாசித்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து பி வகுப்புக்குப் போய், 'நான் ஒரு மரமானால்' எழுதிய கொப்பிகளை மூடச் சொன்னார். கரும்பலகையில் தலைப்பு ஒன்றை எழுதினார்: 'எங்கள் அம்மா ஏசும் விதம்.'

"டீச்சர், நீங்கள் முதல்ல சொல்லுங்கோ, நாங்கள் எழுதுறம்," என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்.

"ஏலாது," என்றார் குணேஸ்வரி. "முதல்ல நீங்கள் எழுதுங்கோ. மறுகா நான் வாசிக்கிறன்."